ஒரு சதாபிஷேகப் படமும் ஐந்து வகைக் கிளிப்புகளும்: ஜெர்க் எங்கிருந்து வந்தது, மங்கல் எங்கிருந்து வந்தது

எண்பது வயது நிறைந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சதாபிஷேகத்தைப் பதினான்கு நிமிடப் படமாகத் தொகுத்துக் கொடுத்தபோது நேர்ந்த பிழையையும், அதைச் சரிசெய்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன். முதல் பிரதியைப் பார்த்த வீட்டார், மேடையில் கேமரா திரும்பும்போதெல்லாம் படம் குதிக்கிறது என்றார்கள். அதைத் திருத்தி அனுப்பிய இரண்டாம் பிரதியைப் பார்த்துவிட்டு ஆசிரியரின் மூத்த மகன் தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, முன்னாடி குதிச்சுது, இப்போ குதிக்கல. ஆனா எல்லாமே கண்ணாடி போடாம பார்க்கிற மாதிரி இருக்கு." முதல் குறையை நீக்க நாங்கள் செய்த வேலைதான் இரண்டாம் குறையைக் கொண்டுவந்தது என்பதை அவர் அந்த ஒரு வரியிலேயே சொல்லிவிட்டார், எனக்குப் புரிய ஒரு நாள் ஆனது.

கையில் இருந்தவை

மண்டபத்தில் இரண்டு கேமராக்கள் 1920×1080 அளவில் நொடிக்கு 25 பிரேம் வேகத்தில் ஓடின. கலச நீரைத் தம்பதியர் தலையில் ஊற்றும் பகுதியை மட்டும், பிறகு மெதுவாக்கிக் காட்டலாம் என்று நொடிக்கு 50 பிரேமில் எடுத்திருந்தோம். டிரோன் காட்சிகள் 3840×2160 அளவில் 29.97 பிரேமில் வந்தன. வர முடியாத பேரப்பிள்ளைகள் மூவர் கைபேசியை நிமிர்த்திப் பிடித்து வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவற்றோடு, இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த சஷ்டியப்தபூர்த்தியின் MiniDV நாடாவையும் வீட்டார் தேடி எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அது 720×576 அளவுள்ள, வரிவிட்டு வரியாகப் பதிவான இன்டர்லேஸ் படம். ஐந்தும் ஐந்து விதம். ஆனால் முடிந்த படத்தில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் மண்டபக் கேமராக்களின் காட்சிகளே இருந்தன. டிரோன் ஒரு நிமிடத்தைக்கூட எட்டவில்லை. இந்த விகிதத்தை முதலிலேயே கணக்கில் எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

முதல் பிரதியின் குறை

டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் புதிய ப்ராஜெக்ட் திறந்து, முதல் கிளிப்பை உள்ளே இழுக்கும்போது அதன் பிரேம் வேகம் ப்ராஜெக்ட்டின் வேகத்தோடு பொருந்தவில்லை என்றால், ப்ராஜெக்ட்டை மாற்றிவிடலாமா என்று மென்பொருள் கேட்கும். நான் முதலில் இழுத்தது டிரோன் காட்சி. படத்தின் தொடக்கக் காட்சி அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வந்த கேள்வியை முழுதாகப் படிக்காமல் `Change` என்பதை அழுத்தினேன். அந்த நொடியில் ப்ராஜெக்ட் 29.97 ஆகிவிட்டது. அதன்பின் `Timeline frame rate` பூட்டப்பட்டுவிடும் என்பதால், பின்னால் கவனித்திருந்தாலும் எளிதில் மாற்றியிருக்க முடியாது.

விளைவு இதுதான். 29.97 டைம்லைனில், அதாவது கிளிப்புகளை அடுக்கும் வரிசையில், நொடிக்கு ஏறத்தாழ முப்பது இடங்கள். மண்டபக் கேமராவிடம் இருப்பதோ இருபத்தைந்து பிரேம்கள். மீதமுள்ள ஐந்து இடங்களை நிரப்ப, மென்பொருள் ஒவ்வோர் ஐந்து பிரேமுக்கும் ஒன்றை இரண்டு முறை காட்டுகிறது. பேசிக்கொண்டிருக்கும் முகத்தில் இது யார் கண்ணிலும் படாது. ஆனால் கேமரா மணையில் அமர்ந்திருக்கும் தம்பதியரிடமிருந்து சபையை நோக்கிச் சீராகத் திரும்பும்போது, நொடிக்கு ஐந்து முறை கேமரா நின்று நின்று நகர்வதுபோலத் தெரியும். டிரோன் காட்சி மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான காட்சிக்காக மற்ற பதிமூன்று நிமிடத்தையும் நாங்களே பலி கொடுத்திருந்தோம்.

ஜெர்க் என்று யாராவது சொன்னால் அது கோப்புக்குள் இருக்கிறதா, பார்க்கும் கருவியில் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். தொகுப்பு மென்பொருளின் முன்னோட்டத்தில் கணினி திணறுவதால் பிரேம்கள் விடுபடுவது ஒரு வகை. முடிந்த படமாக ரெண்டர் செய்த கோப்பில் அது இருக்காது. இரண்டாவது வகை திரையால் வருவது. பெரும்பாலான மடிக்கணினித் திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுபவை. 25 பிரேம் படத்தை அதில் ஓட்டினால் சில பிரேம்கள் இரண்டு புதுப்பிப்புக்கும் சில மூன்று புதுப்பிப்புக்கும் நிற்க நேரும். கோப்பு குற்றமற்றதாக இருந்தாலும் மெல்லிய நடுக்கம் தெரியும். திரையின் வேகத்தை 50க்கு மாற்றிப் பார்த்தாலோ, 50இல் ஓடக்கூடிய தொலைக்காட்சியில் பார்த்தாலோ அது மறைந்துவிடும். மூன்றாவது வகைதான் எங்களுடையது, அதாவது கோப்பிலேயே பதிந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ரெண்டர் செய்த கோப்பைத் திறந்து, கேமரா திரும்பும் இடத்தில் நிறுத்தி, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். பின்னணியில் இருந்த குத்துவிளக்கு ஐந்து முறை நகர்ந்தது, ஆறாவது தட்டலில் அசையவில்லை. மறுபடி ஐந்து முறை நகர்ந்தது, ஒருமுறை நின்றது. இந்த ஒழுங்கான தாளம்தான் பிரேம் வேகம் பொருந்தாமையின் அடையாளம். கணினி திணறியதால் வந்த ஜெர்க்கில் இப்படி ஒழுங்கு இருக்காது.

இரண்டாம் பிரதியின் குறை

முதல் பிரதி திரும்பி வந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். என்னோடு வேலை செய்யும் தம்பி, ப்ராஜெக்ட் அமைப்பில் `Retime process` என்பதை `Nearest` என்பதிலிருந்து `Frame Blend` என்று மாற்றி, மொத்தப் படத்தையும் ரெண்டர் செய்து அனுப்பிவிட்டார். "அண்ணா, ஜெர்க் போயிடுச்சு" என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. பிரேமைத் திரும்பக் காட்டுவதற்குப் பதிலாக, அடுத்தடுத்த இரண்டு பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று கலந்து இடைப்பட்ட பிரேமைச் செய்வதுதான் அந்த முறை. 25ஐ 29.97 ஆக்கும்போது ஆறு பிரேமில் ஒன்று மட்டுமே கேமரா எடுத்தபடி தூய்மையாக வரும். மற்ற ஐந்தும் கலவை. நகரும் எல்லாவற்றுக்கும் இரட்டை விளிம்பு வந்துவிடுகிறது. ஐயா கைகூப்பிய இடத்தில் நிறுத்திப் பார்த்தால் நான்கு கைகள் தெரிந்தன.

ஆனால் மகன் சொன்ன மங்கல் இது ஒன்று மட்டுமல்ல என்பது, பேரப்பிள்ளைகளின் வாழ்த்துகளைப் பார்த்தபோது தெரிந்தது. அங்கே யாரும் அசையவே இல்லை, ஆனாலும் முகம் மங்கலாக இருந்தது. மங்கலில் மூன்று வகை உண்டு. படத்தை நிறுத்திப் பார்த்தாலே பிரித்துவிடலாம். நகரும் பொருளுக்கு மட்டும் இரண்டு தனித்தனி விளிம்புகள் தெரிந்தால் அது பிரேம் கலப்பு. நகரும் பொருள் ஒரே இழுவையாகக் கரைந்திருந்தால் அது படம் எடுக்கும்போதே ஷட்டரில் பதிந்த இயல்பான மங்கல். அதைத் தொடத் தேவையில்லை. அசையாத சுவரும் சட்டைப் பொத்தானும்கூட மென்மையாக இருந்தால் அது அளவு மாற்றத்தால் வந்தது. நாங்கள் முதலாவதையும் மூன்றாவதையும் ஒரே படத்தில் சேர்த்து வைத்திருந்தோம்.

மூன்றாவது எப்படி வந்தது என்றால், பொருந்தாத அளவுள்ள கிளிப்புகளை என்ன செய்வது என்ற அமைப்பில் `Scale full frame with crop` தேர்வாகியிருந்தது. கறுப்புப் பட்டை வரக்கூடாது என்பதற்காக முந்தைய ஒரு வேலையில் வைத்தது, அப்படியே தங்கிவிட்டது. 1080 பிக்சல் அகலமுள்ள நிமிர்ந்த படத்தை 1920 அகலத்துக்கு நிரப்ப வேண்டுமானால் ஏறத்தாழ 1.78 மடங்கு பெரிதாக்க வேண்டும். அப்படிப் பெரிதாக்கினால் 1920 வரி உயரத்தில் 607 வரிதான் திரைக்குள் நிற்கும், மீதி வெட்டுப்படும். பேத்தியின் நெற்றி வெட்டுப்பட்டு, எஞ்சிய முகம் ஊதிப் பெருத்து நின்றதன் காரணம் இதுதான்.

மறுபடி தொடங்கியது

புதிய ப்ராஜெக்ட் ஒன்றை 25 பிரேம், 1920×1080 என்று கையால் அமைத்தேன். 25ஐத் தேர்ந்ததற்குப் பெரும்பான்மைக் காட்சிகள் அதில் இருந்ததே முதற்காரணம். 50 பிரேம் காட்சியும் பழைய நாடாவும் 25க்குள் மிச்சமின்றி வகுபடுவது இரண்டாவது. இதே படம் முழுக்கக் கைபேசியில் எடுக்கப்பட்டு, கைபேசியிலேயே பார்க்கப்படப் போகிறது என்றால் 30ஐத் தேர்ந்திருப்பேன். பழைய டைம்லைனின் வெட்டுகள் அனைத்தும் 29.97 கட்டங்களில் விழுந்தவை என்பதால் அவற்றை அப்படியே கொண்டுவர முயலவில்லை. முதல் பிரதியை மேல் டிராக்கில் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மறுபடி அடுக்கினேன். ஒரு முழுப் பகல் பிடித்தது.

உள்ளே இழுக்கும் முன் ஒவ்வொரு கோப்பையும் இந்தக் கட்டளையால் பார்த்தேன்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,field_order,r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 clip.mp4
```

இது தரும் விடையில் கடைசி இரண்டு வரிகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டால், அந்தக் கோப்பின் பிரேம் வேகம் சீரற்றதாக இருக்க வாய்ப்பு அதிகம். கைபேசிக் கிளிப்புகளில் அப்படித்தான் இருந்தது. ஒரு சின்ன எச்சரிக்கை: நிமிர்ந்த கைபேசிப் படத்துக்கும் இந்தக் கட்டளை 1920×1080 என்றே காட்டலாம். படம் படுக்கையாகப் பதிவாகி, திருப்பிக் காட்டவேண்டும் என்ற குறிப்பு மட்டும் தனியே எழுதப்பட்டிருக்கும்.

50 பிரேம் காட்சி எளிது. 25 டைம்லைனில் சாதாரண வேகத்தில் ஓடும்போது ஒன்றுவிட்டு ஒரு பிரேம் எடுக்கப்படுகிறது, தாளம் பிசகாது. வேகத்தை 50 சதவீதமாக்கினால் எடுத்த ஒவ்வொரு பிரேமும் சரியாக ஒருமுறை வரும். சல்லடை வழியே இறங்கும் நீர்த்துளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தது அதனால்தான். ஆனால் ஷட்டர் 1/100இல் எடுத்த அந்தக் காட்சியைச் சாதாரண வேகத்தில் ஓட்டியபோது, 1/50இல் எடுத்த பக்கத்துக் காட்சியைவிடக் கைவீச்சு சற்று வெடுக்கென்று இருந்தது. பிரேமுக்குரிய நேரத்தில் கால் பங்கு மட்டுமே ஒளி பதிந்திருப்பதால் இயல்பான இழுவை குறைந்துவிடுகிறது. ஆகவே 50 பிரேம் காட்சியை மெதுவாக்கிய இடங்களில் மட்டுமே வைத்தேன்.

டிரோன் காட்சி இப்போது எதிர்ப்பக்கத்தில் நின்றது. 29.97ஐ 25க்குள் அடைத்தால் ஆறில் ஒரு பிரேம் விடுபடும். கோபுரத்தைச் சுற்றும் காட்சி நொடிக்கு ஐந்து முறை தாவும். இதற்குப் பிரேம் கலப்பும் வேண்டாம், இடைப்பிரேம்களைக் கணித்து வரையும் `Optical Flow` முறையும் பெரும்பாலும் வேண்டாம். `Clip Attributes` திறந்து, அந்தக் கிளிப்பின் பிரேம் வேகத்தை 25 என்று அறிவித்துவிட்டேன். எடுத்த பிரேம் ஒவ்வொன்றும் விடுபடாமல், திரும்ப வராமல் ஒருமுறை வருகிறது. காட்சி 83 சதவீத வேகத்தில் ஓடுகிறது, அவ்வளவே. 12 நொடிக் காட்சி ஏறத்தாழ 14.4 நொடியானது. மேலிருந்து எடுத்த கோபுரத்துக்கும் தென்னந்தோப்புக்கும் இந்தத் தாமதம் நன்மையே செய்தது. ஒலி தேவைப்படாத காட்சிக்கு மட்டுமே இந்த வழி பொருந்தும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரே ஒரு டிரோன் காட்சி இதற்கு இணங்கவில்லை. நாதஸ்வரக் குழு முன்னே வர, உறவினர்கள் சீர்த்தட்டு ஏந்தி நடந்துவரும் தாழ்வான காட்சி அது. 83 சதவீதத்தில் எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருந்தார்கள். அந்தக் கிளிப்புக்கு மட்டும் இயல்பான வேகத்தை விட்டுவிட்டு, `Optical Flow` கொடுத்தேன். நடுவில் நடப்பவர்கள் நன்றாக வந்தார்கள். ஓரத்தில் ஒரு தென்னையோலை சுவரைக் கடக்கும் இடத்தில் சுவரின் விளிம்பு ஜவ்வுபோல் இழுபட்டது. ஒரு பொருள் இன்னொன்றை மறைத்துத் திறக்கும் இடங்களிலும், நீர்த்துளி, பூச்சரம் போன்ற சிறு சிதறல்களிலும் இந்த முறை தவறிக் கணிக்கும். மொத்தப் படத்துக்கும் இதைப் போட்டுவிடலாமே என்ற யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம் அந்தக் கலச நீர்தான்.

கைபேசியும் பழைய நாடாவும்

மாலை வெளிச்சத்தில் அறைக்குள் எடுத்த பேரனின் வாழ்த்துதான் அதிகம் படுத்தியது. ஒளி குறைந்தால் பல கைபேசிகள் தாமாகவே பிரேம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பில் சில இடங்களில் பிரேம்கள் நெருக்கமாகவும் சில இடங்களில் இடைவெளிவிட்டும் இருந்தன. டைம்லைன் அதைச் சீரான வேகமாக எடுத்துக்கொண்டபோது, தொடக்கத்தில் குரலோடு பொருந்திய உதடு நடுவில் விலகிப் போனது. கிளிப்பை வெட்டி நகர்த்தி ஒட்டுவது வீண் வேலை. அடுத்த வாக்கியத்தில் மறுபடி விலகும். உள்ளே கொண்டுவரும் முன்பே சீரான வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும்:

```
ffmpeg -i phone.mp4 -vf fps=25 -c:v prores_ks -profile:v 2 -c:a pcm_s16le phone_25.mov
```

பலர் இதை முதலில் 30 ஆக்கி, பிறகு 25 டைம்லைனில் போடுவார்கள். அப்போது பிரேம்கள் இரண்டு முறை சல்லடையில் விழுகின்றன. மேலே உள்ள கட்டளை ஒவ்வொரு பிரேமின் நேரக்குறியையும் பார்த்து நேரே 25 கட்டத்தில் வைக்கிறது. கொஞ்சம் பிரேம்கள் விடுபடத்தான் செய்யும். கைபேசியைப் பிடித்துக்கொண்டு பேசும் முகத்தில் அது தெரியாது.

அளவுக்கு `Scale entire image to fit` என்று மாற்றியதும், நிமிர்ந்த படம் 1080 உயரத்துக்கு அடங்கி 607 பிக்சல் அகலத்தில் நடுவே நின்றது. சுருக்கப்படுவதால் கூர்மை குறையவில்லை. இருபுறமும் அதே படத்தை ஊதி மங்கலாக்கி நிரப்பும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பேரப்பிள்ளைகள் மூவர் என்பதால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்று 607 சேர்ந்தால் 1821. மீதமுள்ள 99 பிக்சலை நான்கு இடைவெளிகளாகப் பிரித்தால் தலா ஏறத்தாழ 25. ஒருவர் பேசும்போது மற்ற இருவரின் படத்தை நிறுத்தி, நிறத்தைக் குறைத்தேன். பார்ப்பவர்கள் இதை அலங்காரம் என்று நினைத்தார்கள்.

நாடாவில் வரிசை முக்கியம். ஒவ்வொரு பிரேமிலும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு பாதிகள் வரிவிட்டு வரியாகப் பின்னப்பட்டிருக்கின்றன. அதை அப்படியே பெரிதாக்கினால், நகரும் கையின் விளிம்பில் உள்ள சீப்புப் பல் போன்ற கோடுகளும் சேர்ந்து பெருத்துத் தடித்துவிடும். பிறகு எந்த வடிகட்டியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. எனவே முதலில் பின்னலை நீக்கி, அதன்பின்பே பெரிதாக்க வேண்டும். இன்னொன்று, 720×576 என்பது சதுரப் பிக்சல் அல்ல. 4:3 விகிதத்தில் காட்ட 768×576 ஆக விரிக்க வேண்டும். விரிக்காவிட்டால் முகங்கள் ஆறு சதவீதம் ஒடுங்கித் தெரியும்.

```
ffmpeg -i tape.avi -vf "bwdif=mode=send_frame:parity=bff,scale=1152:864:flags=lanczos,setsar=1" -c:v prores_ks -profile:v 2 -c:a pcm_s16le tape_25.mov
```

DV நாடாவில் கீழ்ப் பாதி முதலில் வரும் என்பதால் `bff`. ஐயம் இருந்தால் `send_frame` இருக்கும் இடத்தில் `send_field` போட்டுச் சில நொடிகளை ஓட்டிப் பார்க்கலாம். வரிசை தவறென்றால் நடப்பவர் முன்னும் பின்னுமாக ஆடுவார். முழு உயரத்துக்கு ஊதாமல் ஒன்றரை மடங்கோடு, அதாவது 1152×864இல் நிறுத்தியதற்குக் காரணம், அதற்குமேல் அந்த நாடாவில் காட்ட நுணுக்கம் இல்லை. மரச்சட்டம் போட்ட புகைப்படம்போல நடுவில் வைத்தபோது மென்மை குறையாகத் தோன்றவில்லை. அருகில் வரும் கூர்மையான காட்சியோடு கண் ஒப்பிடுவதற்கு அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் ஒரு சறுக்கல்

4K டிரோன் காட்சியை 1080 டைம்லைனில் இரண்டு மடங்கு வரை நெருக்கிக் காட்டலாம்; ரிசால்வ் மூலக் கோப்பின் பிக்சலிலிருந்தே அதை எடுக்கும். கோபுரக் கலசத்தை அப்படி நெருக்கியபோது மங்கலாக வந்தது. தலைப்பெழுத்தோடு சேர்த்து அந்தக் கிளிப்பை ஏற்கெனவே `Compound Clip` ஆக்கியிருந்ததே காரணம். கூட்டுக் கிளிப் டைம்லைன் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதன் வெளியே நெருக்கினால் சுருங்கிய படத்தைத்தான் ஊதுகிறோம். கூட்டைத் திறந்து, உள்ளே இருந்த மூலக் கிளிப்பிலேயே நெருக்கத்தைக் கொடுத்ததும் கலசத்தின் விளிம்பு தெளிந்தது.

ரெண்டர் பக்கத்திலும் 25 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே எடுத்தேன். சபையை நோக்கிக் கேமரா திரும்பும் அதே இடத்தில் நிறுத்தி அம்புக்குறியைத் தட்டினேன். முப்பது தட்டலில் குத்துவிளக்கு முப்பது முறை நகர்ந்தது. தென்னையோலை சுவரை இழுக்கும் காட்சியை மட்டும் முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை. ஒன்பது நொடியாக இருந்ததை நான்கு நொடியாக வெட்டி, ஓலை சுவரைத் தொடும் முன் அடுத்த காட்சிக்கு மாறிவிட்டேன்.